7 நாளில் தடை போகும், ஸ்டிரைக் போகாது

யூடியூப் சேனலுக்கு முதல் ஸ்டிரைக் விழுந்தால் ஒரு வாரம் புது வீடியோ போட முடியாது. லைவ் வர முடியாது, கம்யூனிட்டி போஸ்ட் போட முடியாது. எட்டாம் நாள் எல்லாம் தானாகத் திறந்துகொள்ளும். சிக்கல் தீர்ந்தது என்று பலர் நினைப்பது அப்போதுதான். தீர்ந்தது தடை மட்டுமே. ஸ்டிரைக் விழுந்த நாளிலிருந்து 90 நாள் அது சேனலின் கணக்கிலேயே இருக்கும். அந்த 90 நாளுக்குள் இன்னொன்று விழுந்தால் தடை இரண்டு வாரம். மூன்றாவதும் விழுந்தால் சேனலே நீக்கப்படும்.

ஒவ்வொரு ஸ்டிரைக்குக்கும் தனித்தனிக் கெடு. ஒரு சமையல் சேனலுக்கு ஜனவரி 10 அன்று முதல் ஸ்டிரைக் விழுந்ததாக வைத்துக்கொள்வோம். 17ஆம் தேதி தடை விலகும். ஸ்டிரைக் ஏப்ரல் 10 வரை நிற்கும். மார்ச் 1 அன்று இரண்டாவது ஸ்டிரைக் விழுகிறது. அதற்கான தடை மார்ச் நடுவில் முடியும்; ஸ்டிரைக்கின் கெடுவோ மே 30. இனி மூன்றாவது தவறு ஏப்ரல் 5இல் நடந்தால் மூன்றும் ஒரே சமயத்தில் உயிரோடு இருக்கும், சேனல் போய்விடும். அதே தவறு ஏப்ரல் 12இல் நடந்தால் முதலாவது காலாவதியாகியிருக்கும். புதியது இரண்டாவதாகவே எண்ணப்படும், தடையும் இரண்டு வாரத்தோடு முடியும். ஒரு வார இடைவெளி ஒரு சேனலின் தலையெழுத்தையே மாற்றிவிடுகிறது. ஸ்டிரைக் விழுந்த தேதியையும் அது முடியும் தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

பதற்றத்தில் பலரும் முதலில் செய்வது, பிரச்சினைக்குரிய வீடியோவை அழிப்பது. அழித்தாலும் ஸ்டிரைக் போகாது. மேல்முறையீடு செய்யும் வழியும் அடைபட்டுவிடும்.

அந்த மேல்முறையீட்டுக்கு 90 நாள் அவகாசம் உண்டு. ஆனால் ஒரு ஸ்டிரைக்குக்கு ஒரே ஒரு முறைதான். ஆகவே கோபத்தில் நாலு வரி எழுதி அனுப்புவது வீண். எந்த விதியை மீறியதாகச் சொல்கிறார்கள் என்று பார்த்து, அந்தக் காட்சி ஏன் அந்த விதிக்குள் வராது என்று எழுத வேண்டும். தீ விபத்தைக் காட்டியது எச்சரிப்பதற்காக என்றால், வீடியோவின் எந்த இடத்தில் அந்த எச்சரிக்கை இருக்கிறது என்று சொல்லுங்கள்.

வென்றால் என்ன ஆகும்? வீடியோ திரும்பி வரும், ஸ்டிரைக் நீங்கும். நம் சமையல் சேனல் மார்ச் 9 அன்று ஜெயித்தால், அதன் கணக்கில் மிஞ்சுவது ஜனவரி ஸ்டிரைக் ஒன்றுதான். பதிவைப் பொறுத்தவரை தண்டனை முழுதாகவே நீங்குகிறது. இழந்த நாட்கள் மட்டும் திரும்பாது. வெளியாகித் தடையில்லாமல் ஓடியிருந்தால் அந்த எட்டு நாளில் வந்திருக்கும் பார்வைகளை யாரும் ஈடுசெய்வதில்லை. தடைக் காலத்தில் வெளியாக வேண்டும் என்று முன்கூட்டி நேரம் குறித்து வைத்த வீடியோக்கள் பிரைவேட்டாக மாறிவிடும். தடை விலகிய பின் அவற்றுக்கு மறுபடி நாள் குறிக்க வேண்டியது நம் வேலை. அரைகுறை வெற்றியும் உண்டு. விதிமீறல் இல்லை, ஆனால் எல்லா வயதினருக்கும் ஏற்றதல்ல என்று முடிவானால், வீடியோ வயதுக் கட்டுப்பாட்டோடுதான் திரும்பும். 18 வயதுக்குக் கீழானவர்களும், கணக்கில் நுழையாமல் பார்ப்பவர்களும் அதைப் பார்க்க முடியாது.

நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது எச்சரிக்கை பற்றி. முதல் தவறுக்கு வழக்கமாக ஸ்டிரைக் விழாது, வெறும் எச்சரிக்கைதான் வரும். தடை எதுவும் இல்லாததால் அதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள். அது தவறாக வந்ததென்றால் அதையும் எதிர்த்து மேல்முறையீடு செய்ய வேண்டும். ஜெயித்தால் அடுத்த தவறுக்கும் எச்சரிக்கையே வரும், நேராக ஸ்டிரைக் விழாது. தவறு நம்முடையதுதான் என்றால், 2023 முதல் யூடியூப் தரும் சிறு பயிற்சியை முடிக்கலாம். அடுத்த 90 நாள் அதே விதியை மீறாமல் இருந்தால் எச்சரிக்கை நீங்கிவிடும். பயிற்சியை முடிக்காவிட்டால் அது போகாது.

சினிமாப் பாட்டாலோ காட்சியாலோ வரும் காப்புரிமை ஸ்டிரைக் வேறு கணக்கு. அதற்கும் ஆயுள் 90 நாள்தான், ஆனால் முதல் முறை விழுந்தவர்கள் காப்புரிமைப் பாடத்தையும் முடிக்க வேண்டும். அதற்கு முன்பே நீக்க வேண்டுமானால், புகார் கொடுத்த உரிமையாளரே அதைத் திரும்பப் பெற வேண்டும், இல்லையேல் நாம் சட்டப்படியான எதிர் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதில் நம் பெயரும் முகவரியும் இருக்கும், அது உரிமையாளர் கைக்கும் போகும். வழக்கு தொடுத்ததற்கான ஆதாரத்தைக் காட்ட அவருக்கு 10 வேலை நாள் அவகாசம். காட்டாவிட்டால் வீடியோ திரும்பும், ஸ்டிரைக் நீங்கும். வழக்கே போட்டுவிட்டால் யூடியூப் வீடியோவைத் திருப்பித் தராது, விஷயம் நீதிமன்றத்துக்குப் போய்விடும். பாட்டு உண்மையிலேயே நம்முடையது இல்லையென்றால் அந்த வழியில் இறங்காமல், உரிமையாளருக்கு எழுதிக் கேட்பதே நல்லது.