செங்குருதிக் கலம் அரிவாளாவது ஏன்?

1904 ஆம் ஆண்டு மார்கழி மாதம், கிரெனடாத் தீவிலிருந்து பல் வைத்தியம் பயிலச் சிக்காகோ நகருக்குச் சென்றிருந்த வால்டர் கிளெமென்ட் நோயல் என்னும் இளைஞர், இருமலும் காய்ச்சலுமாக வைத்தியசாலையை அடைந்தார். அவருடைய இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் நோக்கிய இளம் வைத்தியர் ஏர்னெஸ்ட் அயன்ஸ், வட்டமாக இருக்கவேண்டிய செங்குருதிக் கலங்களிடையே நீண்டு வளைந்த அரிவாள் வடிவினவும் கிடக்கக் கண்டார். அவருடைய மேலதிகாரியான ஜேம்ஸ் ஹெரிக் 1910 இல் இச்செய்தியை வெளியிட்டார். அரிவாட்கல நோய் மருத்துவ நூல்களிற் புகுந்தது இவ்வாறே.

இக்கலங்கள் வளைவது ஏன்? செங்குருதிக் கலத்தினுள் ஈமோகுளோபின் என்னும் புரதம் நிறைந்துள்ளது. சுவாசப்பையில் ஒட்சிசனை ஏற்று, உடலெங்கும் கொண்டுசென்று கொடுப்பது அதன் தொழில். அதன் நான்கு சங்கிலிகளில் இரண்டு பீற்றாச் சங்கிலிகள்; ஒவ்வொன்றிலும் 146 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டுள்ளன. இந்நோயாளரிடத்தே ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் வலீன் இருக்கிறது என்பதை வேர்ணன் இங்கிராம் 1957 இல் நிறுவினார். மாற்றம் அவ்வளவே. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இக்குறையைப் பெற்ற பிள்ளைக்கே இந்நோயின் வழக்கமான கடுமையான வடிவம் உண்டாகிறது.

குளூட்டாமிக் அமிலம் நீரை நாடுவது. வலீனோ நீரை வெறுத்து ஒதுங்க இடந்தேடுவது. ஈமோகுளோபின் ஒட்சிசனைக் கொடுத்துவிட்டதும் அதன் வடிவம் சிறிது மாறி, பக்கத்தில் ஒரு பள்ளம் திறக்கிறது. அடுத்த மூலக்கூற்றின் வலீன் அதிற் பொருந்திக்கொள்கிறது. இவ்வாறு ஒன்றோடொன்று பற்றிக் கயிறுபோல நீளும் நார்களே கலத்தை உள்ளிருந்து நெம்பி அரிவாளாக்குகின்றன. கலம் மீண்டும் சுவாசப்பைக்குச் சென்று ஒட்சிசனைப் பெற்றால் நார்கள் கரைய, அது தன் பழைய வடிவை அடையும். ஆனால் பன்முறை வளைந்து நிமிர்ந்த கலத்தின் மென்சவ்வு பழுதடைந்து, ஈற்றில் வளைந்தபடியே நின்றுவிடும்.

அவ்வாறாயின், உடலில் எங்கும் ஒட்சிசன் கொடுக்கப்படுகையில், நோயாளி எந்நேரமும் வேதனையுறாதது ஏன்? விடை காலத்தில் இருக்கிறது. கற்கண்டு செய்வோர் இதனை அறிவர். பாகு முற்றியவுடனே கற்கண்டு விளைவதில்லை. முதற்பளிங்கு தோன்றச் சிறிது நேரம் செல்லும், தோன்றியபின் விரைந்து வளரும். ஈமோகுளோபின் நாரும் அவ்வாறே. முதல் நார் தோன்றுமுன் ஒரு தாமதம் உண்டு. மயிர்த்துளைக் குழாயைக் கடக்கக் கலத்துக்கு ஏறக்குறைய ஒரு செக்கனே போதும். தாமதம் அதனினும் நீண்டதாயின், கலம் வளையுமுன் அகன்ற நாளத்தை அடைந்துவிடும். தாமதம் குறுகினாலோ, பயணம் நீண்டாலோ, குழாயினுள்ளேயே வளைந்து சிக்கிக்கொள்ளும். அதன்பின் வரும் கலங்களும் தேங்கும். அப்பாலுள்ள எலும்பும் தசையும் ஒட்சிசனின்றித் தவிக்கும். அத்தவிப்பே நோவு.

இனி ஒரு சிறுவனை எண்ணிப் பாருங்கள். கடும் வெயிலில் நீர் அருந்தாது பந்தடித்து வியர்க்கிறான். இந்நோயினர் சிறுநீரகம் நீரைச் சேமிக்கும் வலுவை இழந்திருப்பதால், சிறுநீரிலும் நீர் மிகுதியாகக் கழிகிறது. கலங்கள் நீரிழந்து சுருங்க, உள்ளிருக்கும் ஈமோகுளோபின் செறிகிறது. செறிவு சற்றே ஏறினாலும் தாமதம் பன்மடங்கு குறையும். அடுத்து அவன் குளிர்ந்த ஆற்றிற் குதிக்கிறான்; தோலின் இரத்தக் குழாய்கள் ஒடுங்க, ஓட்டம் தளர்கிறது. தாமதம் குறுகிற்று, பயணமும் நீண்டது. அன்றிரவே காலெலும்புகளில் தாங்கொணா நோவு எழலாம்.

காய்ச்சலும் இவ்வகையதே. உடற்சூடு நார் விளைவதை விரைவுபடுத்துகிறது. வியர்வை நீரைக் குறைக்கிறது. கிருமித் தொற்று குழாய்ச் சுவர்களைப் பசைத்தன்மை உடையனவாக்கிக் கலங்களைப் பிடித்துவைக்கிறது. உயர்ந்த மலைகளின் ஒட்சிசன் குறைந்த காற்றும் தீங்கே. எனினும் காரணம் எதுவும் புலப்படாது நோவு தோன்றுவதும் பலமுறை உண்டு. ஆதலால் நோயாளியின் கவனக்குறைவே காரணம் எனப் பழிகூறுதல் தகாது.

பிறந்த குழந்தைக்கு முதற் சில மாதங்களில் இந்நோவு வராது. கருப்பையில் உருவான வேறுவகை ஈமோகுளோபின் அதன் இரத்தத்தில் இன்னும் மிஞ்சியிருந்து, நார் பின்னுவதைத் தடுக்கிறது. ஐதரொட்சியூரியா என்னும் மருந்து அவ்வகையை மீண்டும் பெருகச் செய்வதாலேயே நோவு வரும் முறைகளைக் குறைக்கிறது.

நீலகிரி மலைவாழ் மக்களிடையே இக்குறை உண்டென்பது 1952 இல் அறியப்பட்டது. இத்தகையோர் நீர் நிரம்ப அருந்துதலும், குளிரிலிருந்து காத்துக்கொள்ளுதலும் வேண்டும். காய்ச்சல் மிகுந்தாலோ, நெஞ்சு நோவுடன் மூச்சு முட்டினாலோ, விடியும்வரை காத்திராது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். படித்துப் பட்டம்பெற்று ஊர் திரும்பிப் பல் வைத்தியம் புரிந்த நோயல், 1916 இல் தமது முப்பத்திரண்டாம் வயதில் உயிர் நீத்தது நியுமோனியாவினாலேயே.