மாடித் தண்ணீர் முதலில் சம்புக்கு

சென்னை அடுக்குமாடிகள் பலவற்றில் மழைநீர் சேகரிப்பு என்பது கேட் ஓரம் மூடி போட்ட ஒரு குழிதான். 2003-ல் அரசு கட்டாயமாக்கியபோது அவசர அவசரமாகத் தோண்டியது. பிறகு மூடியைத் திறந்து பார்த்தவர் குறைவு. என்னைக் கேட்டால், மாடித் தண்ணீரை நேராகக் குழிக்கு விடுவதே வீண்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இருபது வீடுகள் கொண்ட குடியிருப்பின் மாடி 4,000 சதுர அடி, அதாவது சுமார் 370 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஐப்பசியில் ஒரே நாளில் 50 மி.மீ. கொட்டினால் 18,500 லிட்டர். சிதறுவது, ஆவியாவது, முதலில் வெளியே விடுவது எல்லாம் போக 15,000 லிட்டர் தேறும். 12,000 லிட்டர் லாரி ஒன்றுக்கு மேலேயே! இதை மண்ணுக்குள் அனுப்பிவிட்டு, மறுநாள் மோட்டார் போட்டு இறைப்பானேன்?

மாடிக் குழாயின் அடியில் ஒரு வால்வு வைத்து, மழையின் முதல் பத்து, பதினைந்து நிமிடத் தண்ணீரை வெளியே விடவேண்டும். தூசியும் காக்கை எச்சமும் அதோடு போய்விடும். அப்புறம் ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாகச் சம்பு. சம்பு நிரம்பி வழிவது கிணற்றுக்கு. கிணறு இல்லாவிட்டால்தான் குழிக்கு. மழையில் மாடியில் தண்ணீர் தேங்கினால் குழாயோ வடிகட்டியோ அடைத்திருக்கிறது என்று பொருள்.

குழி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க நாலைந்து வாளி தண்ணீர் ஊற்றினால் போதும். ஒரு மணி நேரம் கழித்தும் நின்றால், மேலே வண்டல் படிந்திருக்கும். மேல் மணலை அள்ளிக் கழுவிப் போடவேண்டும். பெசன்ட் நகர் மணலில் தண்ணீர் மளமளவென்று இறங்கும். அண்ணா நகர்ப் பக்கத்துக் களிமண்ணில், கீழுள்ள மணல் அடுக்கு வரை துளை போடாமல் குழி வேலைக்கு ஆகாது.

குளியல் தண்ணீர் விஷயம் வேறு. எண்பது பேர் ஆளுக்கு 50 லிட்டர் ஊற்றிக்கொண்டாலே தினம் 4,000 லிட்டர். அதைத் தனிக் குழாயில் பிரித்து, கல்வாழை நட்ட ஜல்லி, மணல் பாத்தியில் விட்டால் செடிக்குச் செடியும் ஆச்சு, தண்ணீரும் தெளியும். தொட்டியில் ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் நாறும். சமையலறைத் தண்ணீரைச் சேர்க்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு பாத்தியை அடைத்துவிடும். பாத்தி கிணற்றையும் சம்பையும் விட்டுத் தள்ளியே இருக்கட்டும்.

சிறு தொழிற்கூடங்களுக்கும் இதே முறைதான். தொழிலாளர் கை கழுவும், குளிக்கும் தண்ணீர் பாத்திக்குப் போகலாம். சாயம், முலாம், மெஷின் ஆயில் கலந்தது ஒரு சொட்டும் போகக்கூடாது. அது கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு உரியது. ஷெட் கூரையில் புகைக்கரி படியும் இடங்களில் மழைத்தண்ணீரைக் குடிக்க எடுக்காமல், தரை கழுவவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

புரட்டாசி முடிவதற்குள் மாடியைப் பெருக்கி, வடிகட்டி மணலைக் கழுவிவிடுங்கள்.