பில் இருக்கு, இன்புட் ஏன் வரலை?

சிறிய ஆடிட்டர் அலுவலகங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புபவை பெரும்பாலும் பண்டிகை வாழ்த்தும் கடைசித் தேதி நினைவூட்டலும்தான். இரண்டுமே எல்லா அலுவலகத்திலிருந்தும் ஒரே மாதிரி வருபவை. இவர் கையில் கணக்கை ஒப்படைக்கலாமா என்று யோசிப்பவருக்கு அவற்றால் பயனில்லை.

‘எங்களிடம் வாருங்கள்’ என்று அழைக்கவும் வழியில்லை. வாடிக்கையாளரைக் கேட்டுப் பிடிப்பது பட்டயக் கணக்காளருக்கு 1949ஆம் ஆண்டுச் சட்டப்படியே தொழில் ஒழுக்கக் கேடு. ஆகவே அவர் எழுதுவது கற்றுத்தருவதாக மட்டுமே இருக்க முடியும். இது நல்ல கட்டுப்பாடு என்றே நினைக்கிறேன்.

எதை எழுதுவது? அலுவலகத்தில் போன் எடுப்பவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, வரும் கேள்விகளைக் கேட்டவர் வாய்மொழியிலேயே குறிக்கச் சொல்லலாம். ‘உள்ளீட்டு வரிச் சலுகை விதிகள்’ என்று தலைப்பிட்டால் கடைக்காரர் படிக்க மாட்டார். ‘பில் கையில இருக்கு, இன்புட் ஏன் வரலை?’ என்றால் அது அவருடைய கேள்வி.

அதற்கான பதிலைக் கணக்குப் போட்டே காட்டலாம். ஒரு ஜவுளிக் கடைக்காரர் அக்டோபரில் 2,00,000 ரூபாய்க்குத் துணி வாங்கி, 5 சதவீத ஜிஎஸ்டியாக 10,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். மாதாமாதம் தாக்கல் செய்யும் மொத்த வியாபாரி அந்த பில்லை நவம்பர் 11க்குள் ஜிஎஸ்டிஆர்-1இல் ஏற்ற வேண்டும். அவர் 16ஆம் தேதி ஏற்றினால், 14ஆம் தேதி வரும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் அது இருக்காது. 20ஆம் தேதி கடைக்காரர் வரி கட்டும்போது அந்த 10,000 ரூபாயைக் கழிக்க முடியாது. கைப்பணம் போட வேண்டும். பணம் போய்விடவில்லை, அடுத்த மாதம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் சரக்குக்குப் பணம் புரட்டும் நேரத்தில் ஒரு மாதம் என்பது பெரிது.

இந்தக் கட்டுரை 21ஆம் தேதி வந்தால் யாருக்கும் பயனில்லை. 8ஆம் தேதி வாக்கில் வந்தால், ‘அண்ணே, நம்ம பில்லை ஏத்திட்டீங்களா?’ என்று மொத்த வியாபாரியிடம் கேட்க அவகாசம் இருக்கும். தலைப்புத் திட்டம் என்பது இப்படி, அந்தந்தத் தேதிக்கு முன் கடைக்காரர் செய்யக்கூடிய ஒரு காரியத்தைத் தேடிவைப்பதுதான். பட்டியலைப் பார்ப்பதும் போன் போடுவதும் அவரே செய்யலாம், விற்றவரின் பதிவே ரத்தாகியிருந்தால் மட்டும் ஆடிட்டரைக் கேளுங்கள் என்று எழுதிவிட வேண்டும். தனக்கு வேலை வராத இடத்தையும் சொல்பவரை ஜனங்கள் நம்புகிறார்கள்.

பலன் தெரிவது பார்வை எண்ணிக்கையில் அல்ல, போனில். ‘ஃபீஸ் எவ்வளவு?’ என்று தொடங்கியவர்கள், ‘2பியில நாலு பில் வரலைங்க’ என்று தொடங்குவார்கள்.

பழைய கட்டுரைகளையும் கவனிக்க வேண்டும். ஆயத்த ஆடைக்கு 5 சதவீத வரி உருப்படிக்கு 1,000 ரூபாய் வரை என்றிருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை என்றானது. முந்தைய வரம்பைச் சொல்லும் கட்டுரையை அன்றே திருத்தியிருக்க வேண்டும், இல்லையேல் எடுத்திருக்க வேண்டும்.