சேலை யாருக்கு? கிவ்அவே கேப்ஷன் எழுதுவது எப்படி

'ஃபாலோ பண்ணுங்க, லைக் போடுங்க, மூணு ஃப்ரெண்ட்ஸை டேக் பண்ணுங்க, ஸ்டோரியில போடுங்க. ஞாயிறு நள்ளிரவு 12 மணி வரைக்கும் டைம். லக்கி வின்னருக்குச் சுங்குடிச் சேலை இலவசம்!'

இன்ஸ்டாகிராமில் சேலை, நகை, மசாலாப் பொடி விற்கும் சின்னக் கடைகளின் பக்கங்களில் அடிக்கடி காணும் வகை இது. படித்தால் எல்லாம் சொல்லிவிட்டது போலவே இருக்கும். போட்டி முடிந்து பெயரை அறிவித்த பிறகுதான் கமென்ட்டில் சண்டை தொடங்கும்.

முதலில் அந்த 'ஞாயிறு நள்ளிரவு 12 மணி'. சனிக்கிழமை முடிந்து ஞாயிறு பிறக்கும் 12 மணியா, ஞாயிறு முடியும் 12 மணியா? ஒருவர் ஒரு நாள் முன்னதாகவே கதவு மூடிவிட்டது என்று விட்டுவிடுவார். இன்னொருவர் ஞாயிறு மாலை கமென்ட் போட்டுவிட்டு, தன் பெயர் ஏன் சேரவில்லை என்று கேட்பார். சிங்கப்பூரில் இருக்கும் வாடிக்கையாளருக்குக் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 'ஞாயிறு இரவு 9 மணி, இந்திய நேரம்' என்று தேதியையும் சேர்த்து எழுதினால் இந்தக் குழப்பம் எழாது. ஒன்பது மணி என்பதில் வேறொரு வசதியும் உண்டு. இன்ஸ்டாகிராம் கமென்ட்டின் கீழே 'ஒரு நாள் முன்பு' என்பது போலத்தான் காட்டும், நிமிடக் கணக்கு தெரியாது. கடைக்காரர் விழித்திருக்கும் நேரத்தில் போட்டி முடிந்தால், அந்த நிமிடமே கமென்ட்டுகளை மேலிருந்து கீழ்வரை திரைப்பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். பின்னால் வந்தவை எவை என்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்தது 'ஸ்டோரியில போடுங்க'. ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். கணக்கைப் பூட்டி வைத்திருப்பவரை நாம் பின்தொடராவிட்டால் அவர் போட்ட ஸ்டோரி நமக்குத் தெரியவும் தெரியாது. சரிபார்க்க முடியாத விதியை எழுதாமல் இருப்பதே நல்லது. ஃபாலோ செய்கிறாரா என்பதைப் பெயரைத் தேடிப் பார்த்துவிடலாம், கமென்ட் கண்ணெதிரே இருக்கிறது. இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். ஃபேஸ்புக்கிலும் நடத்துவதாக இருந்தால், 'உங்கள் டைம்லைனில் பகிர்ந்தால்தான் சேர்ப்போம்' என்று கேட்பதற்கு அங்கே அனுமதியே இல்லை.

தேர்வு முறைக்கு வருவோம். ஒரு கணக்கு வைத்துப் பார்ப்போம். 340 கமென்ட்டுகள், போட்டவர்கள் 212 பேர். ஒருவர் பத்து முறை போட்டிருக்கிறார். அவருக்குப் பத்து வாய்ப்பா, ஒன்றா? கேப்ஷனில் 'ஒருவருக்கு ஒரு வாய்ப்பு' என்று இருந்தால் 212 பெயர்களை வரிசையாக எழுதி, ஒன்று முதல் 212 வரை ஏதோ ஒரு எண்ணை எடுத்தால் போதும். 87 வந்தது என்றால் 87ஆம் பெயர். அவர் பக்கத்தை ஃபாலோ செய்யவில்லை என்றால் மறுபடி எண் எடுக்க வேண்டும். இதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தால்தான் 'வேண்டியவருக்காக மாற்றிவிட்டார்கள்' என்ற பேச்சு வராது. 'சிறந்த பதிலுக்குப் பரிசு' என்று அறிவித்துவிட்டுக் கடைசியில் குலுக்கிப் போடுவது, என் கணக்கில், ஏமாற்றுதான்.

இப்போது அதே சேலைக்கு வேறு கேப்ஷன்:

'ஒரு சுங்குடிச் சேலை, ஒருவருக்கு. இந்தப் பக்கத்தை ஃபாலோ செய்து, உங்களுக்குப் பிடித்த நிறத்தைக் கீழே கமென்ட்டில் எழுதுங்கள். எதுவும் வாங்க வேண்டாம். ஒருவருக்கு ஒரு வாய்ப்பு. 18 வயது நிறைந்த, இந்திய முகவரி உள்ளவர்கள் கலந்துகொள்ளலாம். கடைசி நேரம்: ஜூன் 14, ஞாயிறு இரவு 9 மணி, இந்திய நேரம். ஜூன் 15 மாலை 6 மணிக்கு நேரலையில் குலுக்கல். முடிவு இதே பக்கத்தில். விதிப்படி கலந்துகொள்ளாதவர் பெயரோ, 48 மணி நேரத்தில் பதில் தராதவர் பெயரோ வந்தால் மறுகுலுக்கல். கூரியர் செலவு எங்களுடையது. பணமோ ஓடிபியோ கேட்க மாட்டோம். இந்தப் போட்டிக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் தொடர்பில்லை. பங்கேற்பவர்கள் இதற்காக இன்ஸ்டாகிராமைப் பொறுப்பாக்க மாட்டார்கள்.'

கடைசி வாக்கியம் ஒப்புக்குச் சேர்த்தது அல்ல, இன்ஸ்டாகிராமே கேட்கும் அறிவிப்பு. பரிசு என்ன, எத்தனை பேருக்கு என்பது முதல் வரியில் இருப்பதற்கும் காரணம் உண்டு: நீண்ட கேப்ஷனில் தொடக்கம் மட்டுமே தெரியும், மீதியை விரித்துத்தான் படிக்க வேண்டும்.

'எதுவும் வாங்க வேண்டாம்' என்பதைக் கடைக்காரர்கள் விரும்ப மாட்டார்கள். வியாபாரத்துக்குத்தானே போட்டி? ஆனால் காசு கொடுத்தவர்களை மட்டும் வைத்துக் குலுக்கினால் அது லாட்டரியை நெருங்கிவிடும். தமிழ்நாட்டில் லாட்டரி 2003 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. வழக்கறிஞரைக் கேட்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். பரிசுத் திட்டம் முடிந்த பிறகு முடிவைப் பங்கேற்றவர்களுக்குச் சொல்லாமல் மறைப்பதை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. அதனால் முடிவு எங்கே, எப்போது என்ற வரியை விட்டுவிடக் கூடாது.

ஓடிபி பற்றிய வரி மோசடிக்காரர்களுக்கானது. போட்டி நடக்கும்போதே கடையின் படத்தையும் பெயரையும் நகல் எடுத்து, பெயரில் ஒரு புள்ளியை மட்டும் கூட்டி, கமென்ட் போட்டவர்களுக்கெல்லாம் 'நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், கூரியருக்கு 199 ரூபாய் அனுப்புங்கள்' என்று செய்தி போகும். அது வந்ததும் கேப்ஷனைத் திறந்து பார்ப்பவருக்குக் குலுக்கல் நாள் இன்னும் வரவில்லை என்பதே போதுமான பதில்.