டாக்டர் போட்ட கேள்விக்குறி

ஜெர்மனியில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தவர் 2022 ஆகஸ்டில் விடுப்பெடுத்துத் துனீசியாவுக்குப் போனார். திரும்ப வேண்டிய நேரத்தில் இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் கடுமையான வலி. அங்குள்ள டாக்டர், ‘24 நாள் வீட்டில் கண்டிப்பான ஓய்வு தேவை, அதுவரை பயணம் கூடாது’ என்று பிரெஞ்சு மொழியில் சான்று கொடுத்தார். நிறுவனம் அதை ஏற்கவில்லை; சம்பளத்தைப் பிடித்தது. வழக்கு ஜெர்மனியின் உச்ச தொழிலாளர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி 15 அன்று தீர்ப்பு வந்தது.

வெளிநாட்டு டாக்டரின் சான்றுக்கும் ஜெர்மன் டாக்டரின் சான்றுக்கும் அடிப்படையில் ஒரே மதிப்புதான் என்றது நீதிமன்றம். ஆனால், ‘நோய் இருக்கிறது’ என்பதும் ‘அந்த நோயால் வேலை செய்ய முடியாது’ என்பதும் வேறு வேறு என்று டாக்டர் பிரித்துப் பார்த்தது சான்றில் தெரிய வேண்டும். இந்த வழக்கில் சான்று வாங்கிய மறுநாளே அவர் கப்பல் டிக்கெட் எடுத்திருந்தார். ஓய்வு முடியும் முன்பே கிளம்பியும் விட்டார். இப்படிப்பட்ட சூழ்நிலைகள் ஒன்றுசேரும்போது சான்றின் நம்பகத்தன்மை ஆட்டம் காணலாம் என்று சொல்லி, வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது.

விடுப்பில் ஊருக்கு வந்து காய்ச்சலில் படுக்கும் தமிழருக்கும் இதே சட்டம்தான். டாக்டர் சான்றால் நிரூபிக்கப்பட்ட நோய் நாட்களை ஜெர்மனியில் ஆண்டு விடுப்பில் கழிக்கக் கூடாது. நோய்க்காகச் சம்பளத்துடன் 6 வாரம் வரை இருக்கவும் உரிமை உண்டு. அதனால் நம்மூர் கிளினிக்கில் கிறுக்கலாக எழுதித் தரும் அரைப் பக்கத் தாளின் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் பணமும் விடுப்பும் அடங்கியிருக்கின்றன.

ஒரு கற்பனைத் தாளை எடுத்துக்கொள்வோம். ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் எஞ்சினியர் கோவைக்கு வந்த இடத்தில் காய்ச்சல். டாக்டர் ஆங்கிலத்தில் எழுதியது: ‘கடும் காய்ச்சல், ? டெங்கு, ஆர்/ஓ டைபாய்டு. ஹெச்/ஓ மஞ்சள் காமாலை, 2019. ஜூன் 3 முதல் 7 நாள் ஓய்வு.’ இதற்குப் பின் தனித் தாளில் ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட்: ‘ஜூன் 11 முதல் பணிக்குத் திரும்பத் தகுதியானவர்.’

முதல் பொறி அந்தக் கேள்விக்குறி. நம் டாக்டர்கள் நோயின் பெயருக்கு முன்னால் கேள்விக்குறி போட்டால் ‘இதுவாக இருக்கலாம், இன்னும் உறுதியாகவில்லை’ என்று பொருள். ஏதோ கைதவறிப் போட்டது என்று மொழிபெயர்ப்பவர் அதை விட்டுவிட்டால், சந்தேகம் உறுதியான நோயாகிவிடும். இரண்டு நாள் கழித்து ரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வந்தால், அந்த அறிக்கையும் மொழிபெயர்ப்பும் ஒன்றையொன்று மறுக்கும். படிப்பவர் முழுச் சான்றையுமே சந்தேகிப்பார்.

‘ஆர்/ஓ’ இன்னும் வழுக்கலானது. ‘ரூல் அவுட்’ என்பதன் சுருக்கம் அது. ‘டைபாய்டு இல்லை என்று சோதித்து உறுதி செய்ய வேண்டும்’ என்பது பொருள். ‘டைபாய்டு இல்லை’ என்று எழுதினாலும் தவறு, ‘டைபாய்டு’ என்று எழுதினாலும் தவறு. ‘ஹெச்/ஓ’ முன்பு வந்துபோன நோயைச் சொல்வது. 2019-இன் காமாலையை இப்போதைய நோய்களின் வரிசையில் சேர்த்தால், கல்லீரல் நோயாளி ஒருவர் வேலைக்குத் திரும்புவதாக நிறுவனம் நினைத்துக்கொள்ளும்.

ஜெர்மன் மருத்துவம் இந்த வேறுபாடுகளை வெகு கறாராகப் பார்க்கும். அங்கே கிளினிக்குகளில் நோய்க்குறியீட்டின் பக்கத்தில் ஓர் எழுத்தைச் சேர்ப்பார்கள்: உறுதியானதற்கு ஒன்று, சந்தேகத்துக்கு ஒன்று, இல்லையென்று தள்ளப்பட்டதற்கு ஒன்று, வந்து குணமானதற்கு ஒன்று. ஆகவே கேள்விக்குறியை ‘ஃபெர்டாக்ட் ஆவ்ஃப்’, அதாவது ‘என்ற சந்தேகம்’ என்று எழுதினால் அவர்களுக்கு உடனே புரியும். டாக்டர் எந்தப் படியில் நின்றாரோ மொழிபெயர்ப்பும் அதே படியில் நிற்க வேண்டும். ஒரு படி ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. எழுத்து புரியவில்லை என்றால் ஊகிக்காமல், அடைப்புக்குறிக்குள் ‘படிக்க இயலவில்லை’ என்று குறிப்பிடுவதே முறை. சீல், டாக்டரின் பதிவு எண், கையெழுத்து இருக்கும் இடம் எல்லாவற்றையும் குறித்துக் காட்ட வேண்டும்.

அடுத்தது ‘7 நாள் ஓய்வு’. ஓய்வு என்பது ஆலோசனை. வேலை செய்ய முடியாது என்பது மருத்துவ முடிவு. ‘ஓய்வு’ என்று இருப்பதை ‘வேலை செய்ய இயலாது’ என்று மாற்றி எழுத மொழிபெயர்ப்பவருக்கு உரிமையில்லை. டாக்டரிடமே திரும்பிப் போய், ‘பரிசோதித்ததில், நோயால் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வேலை செய்ய முடியாத நிலையில் இருந்தார்’ என்று ஒரு வரி எழுதி வாங்க வேண்டும். நம்மூரில் அரசு ஊழியர்களுக்கான பழைய சான்றுப் படிவம் இதில் மேல். உடல் தேறப் பணியிலிருந்து விலகியிருப்பது அவசியம் என்ற வாசகம் அதில் உண்டு.

நாள் கணக்கையும் பார்க்க வேண்டும். ஜூன் 3-லிருந்து 7 நாள் என்றால் 9-ஆம் தேதியோடு முடிகிறது. ஃபிட்னஸ் 11-ஆம் தேதியிலிருந்து. நடுவில் 10-ஆம் தேதிக்குக் காவல் இல்லை. மொழிபெயர்ப்பில் இதைச் சரிக்கட்டினால் அது திருத்தல். டாக்டர் ஒருவர்தான் தேதியை மாற்றலாம்.

ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட்டிலும் அதே எச்சரிக்கை. ‘தகுதியானவர்’ என்பதோடு ‘இலகுவான வேலைக்கு’ என்று இருந்தால் அந்த அடைமொழியை விடக் கூடாது. விமானத்தில் பயணம் செய்யலாம் என்பதும் வேலை செய்யலாம் என்பதும் வெவ்வேறு அனுமதிகள். ஒன்றை மற்றொன்றாக எழுதிவிடக் கூடாது. ஜெர்மனியில் ‘குணமாகிவிட்டார்’ என்று தனிச் சான்று கேட்கும் பொது விதி கிடையாது, நோய்க்காலம் முடிந்தால் வேலைக்குப் போகலாம். ஆகவே அவர்கள் கேட்டால் மட்டும் மொழிபெயர்த்தால் போதும்.

கடைசியாக, யாருக்கு எந்தத் தாள் என்பது. ஜெர்மன் டாக்டர் கொடுக்கும் சான்றில் நிறுவனத்துக்கான பிரதியில் நோயின் பெயரே இருக்காது; அது காப்பீட்டு நிறுவனத்துக்கும் நோயாளிக்குமான பிரதிகளில் மட்டும். நம்மூர் தாளிலோ நோயின் பெயர் முதல் வரியிலேயே இருக்கும். மொழிபெயர்ப்பவர் அதை விட்டு எழுதினால் மூலத்தோடு பொருந்தாது. எனவே டாக்டரிடம் இரண்டு தாள் கேட்டு வாங்குவது நல்லது: நோய்ப் பெயர் இல்லாமல் தேதிகளும் இயலாமையும் மட்டும் உள்ளது நிறுவனத்துக்கு, முழு விவரம் உள்ளது காப்பீட்டுக்கு. அங்குள்ள டாக்டர்கள் மின்னணு முறையில் அனுப்புகிறார்கள். கோவை கிளினிக்குக்கு அந்த வழி இல்லாததால் தாள்தான் கதி.

இவற்றுக்கெல்லாம் முன்னால் சான்று வரும்வரை காத்திருக்காமல் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. வெளிநாட்டில் நோய்வாய்ப்பட்டால் இயலாமை, எத்தனை நாள் எதிர்பார்க்கப்படுகிறது, தங்கியிருக்கும் முகவரி ஆகிய மூன்றையும் மிக விரைவான வழியில் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும் என்கிறது அந்நாட்டுச் சட்டம். முதல் நாளே மூன்று வரி மின்னஞ்சல் போட்டுவிட்டு, டாக்டரிடமிருந்து தெளிவான வாசகத்தை வாங்கி, அதன் பிறகு மொழிபெயர்ப்பவரிடம் போவதுதான் சரியான வரிசை.