ஆப்ஷன் ஸ்ப்ரெட்டில் காணாமல் போகும் அறுபது பைசா

2021 ஆகஸ்ட் 20 அன்று தேசியப் பங்குச்சந்தையில் நிஃப்டி 16,450 கால் ஆப்ஷன் சில நொடிகளுக்குள் 800 ரூபாயைத் தாண்டிப் போய், வந்த வேகத்திலேயே பழைய விலைக்குத் திரும்பியது. குறியீட்டில் அப்படி எந்தத் துள்ளலும் இல்லை. ஆனால் அந்த ஆப்ஷனை விற்றுவிட்டு, நஷ்டத்தைத் தடுக்க ‘ஸ்டாப் லாஸ் மார்க்கெட்’ ஆர்டர் போட்டிருந்தவர்களுக்கு அந்தச் சில நொடிகள் போதுமானதாக இருந்தன. ஆர்டர் உயிர்பெற்று, ‘என்ன விலையானாலும் வாங்கு’ என்று சந்தைக்குள் பாய்ந்தது. எதிரே இருந்த விலையில் வாங்கியும் விட்டது. அடுத்த மாதமே, செப்டம்பர் 27 முதல், ஆப்ஷன்களில் அந்த வகை ஆர்டரைத் தேசியப் பங்குச்சந்தை நிறுத்திவிட்டது.

இது ஊரறிந்த விபத்து. ஆனால் சிறு முதலீட்டாளரின் பணம் பெரும்பாலும் இப்படிச் சத்தமாகப் போவதில்லை. ஒவ்வொரு ஆர்டரிலும் ஐம்பது பைசா, அறுபது பைசாவாகப் போகிறது. எதிர்பார்த்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள இந்த இடைவெளிக்குத்தான் ஸ்லிப்பேஜ் என்று பெயர். தரகுக் கட்டணம் மாதிரி ரசீதில் இது வராது என்பதால் பலர் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

ஓர் உதாரணம் பார்க்கலாம். விலைகள் கற்பனைதான், ஆனால் கணக்கு நிஜம். ரிலையன்ஸ் பங்கு 1,400 ரூபாயில் நிற்கிறது, ஒரு லாட் 500 பங்குகள் என்று வைத்துக்கொள்வோம். பங்கு ஓரளவு ஏறும் என்று நம்புகிற ஒருவர் 1,400 கால் ஆப்ஷனை வாங்கி, 1,440 கால் ஆப்ஷனை விற்க நினைக்கிறார். இதற்கு ‘புல் கால் ஸ்ப்ரெட்’ என்று பெயர். திரையில் 1,400 காலை வாங்கக் காத்திருப்பவர்கள் தரத் தயாராக இருக்கும் அதிகபட்ச விலை, அதாவது பிட், 29.40. விற்கக் காத்திருப்பவர்கள் கேட்கும் குறைந்தபட்ச விலை, அதாவது ஆஸ்க், 30.60. இரண்டுக்கும் நடுவே 30.00; இதுதான் மிட் விலை. 1,440 காலில் பிட் 13.20, ஆஸ்க் 14.40, மிட் 13.80.

மார்க்கெட் ஆர்டரில் போனால் முதல் காலை 30.60-க்கு வாங்கி, இரண்டாவதை 13.20-க்கு விற்க வேண்டிவரும். நிகரமாகக் கையை விட்டுப் போவது 17.40. இரண்டுமே மிட் விலையில் முடிந்திருந்தால் 16.20. வித்தியாசம் 1.20 ரூபாய், லாட்டுக்கு 600 ரூபாய். வெளியே வரும்போதும் இதே இடைவெளி இருந்தால் இன்னொரு 600. இந்த ஸ்ப்ரெட்டில் மிட் விலையில் நுழைந்தவருக்குக் கிடைக்கக்கூடிய உச்சபட்ச லாபமே 11,900 ரூபாய்தான். அதில் பத்தில் ஒரு பங்கு, பங்கு ஏறுமா இறங்குமா என்ற கேள்வி எழுவதற்கு முன்பே கரைந்துவிடுகிறது.

லிமிட் ஆர்டர் இதைத் தடுக்கும் கருவி. ‘இதற்கு மேல் தரமாட்டேன்’ அல்லது ‘இதற்குக் கீழே விற்கமாட்டேன்’ என்று விலையைக் கட்டிவிட்டு நிற்பது. அனுபவசாலிகள் முதலில் மிட் விலையிலேயே, இங்கே 30.00-ல், ஆர்டரை வைக்கிறார்கள். அரை நிமிடம் பார்க்கிறார்கள். யாரும் வரவில்லையென்றால் 30.10, பிறகு 30.20 என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். எங்கே நிறுத்துவது என்பதை ஆர்டர் போடும் முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். உதாரணமாக, 30.30-க்கு மேல் இல்லை. எதிர்ப்பக்கம் கணினி வழியே விலை வைத்துக் காத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு, ஆஸ்க் விலையிலிருந்து இருபது முப்பது பைசா விட்டுக்கொடுத்தும் லாபம் இருக்கலாம் என்பதால், நடுவில் எங்காவது வியாபாரம் முடிந்துவிடுவதுண்டு.

மிட் விலை என்பது சரியான விலை என்று யாரும் முத்திரை குத்தித் தந்ததில்லை. அது வெறும் சராசரி. வாங்குவோர் பக்கம் 29.40-ல் நிற்பது ஒரே ஒரு லாட், அதற்கு அடுத்த பிட் 27 ரூபாயில் இருக்கிறது என்றால், அந்த ஒருவர் ஆர்டரை எடுத்த மறுகணமே மிட் 28.80-க்கு இறங்கிவிடும். அதனால்தான் முதல் வரியை மட்டும் பார்க்காமல், மார்க்கெட் டெப்த் பகுதியில் தெரியும் ஐந்து விலைகளையும் அவற்றின் அளவுகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இன்னொரு சோதனையும் உண்டு. ஒரே ஸ்ட்ரைக்கின் கால் விலையிலிருந்து புட் விலையைக் கழித்தால், அது ஏறக்குறைய ஃபியூச்சர் விலைக்கும் ஸ்ட்ரைக்குக்கும் உள்ள வித்தியாசமாக இருக்க வேண்டும். ஃபியூச்சர் 1,408-ல் இருக்கிறது, 1,400 காலின் மிட் 30 என்றால் புட்டின் மிட் 22-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அது 26 என்று காட்டினால், இரண்டில் ஏதோ ஒரு மிட் நம்மை ஏமாற்றுகிறது. கடைசியாக வியாபாரமான விலையை நம்புவது இதைவிட மோசம். அதிகம் புழங்காத ஸ்ட்ரைக்கில் அது ஒரு மணி நேரத்துக்கு முந்தையதாகவும் இருக்கலாம்.

லிமிட் ஆர்டருக்கு உள்ள ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். 30.00-ல் காத்திருக்கும் ஆர்டர், பங்கு ஏறினால் நிறைவேறாது. பங்கு சட்டென்று இறங்கினால் உடனே நிறைவேறும். அதாவது வாங்கியவர் சந்தோஷப்படும் அந்த நேரத்தில், அந்த ஆப்ஷனின் மதிப்பு 29 ஆகியிருக்கலாம். ஆர்டரை வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. பங்கின் விலை நகர்ந்தால் ஆர்டரையும் நகர்த்த வேண்டும், அல்லது எடுத்துவிட வேண்டும்.

இதுவரை பேசியது ஒரு கால் ஆப்ஷனைப் பற்றி. ஸ்ப்ரெட்டில் இரண்டு இருக்கின்றன. ‘லெக்’ என்று சொல்லப்படும் அந்த இரண்டு பகுதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதா, ஒரே ஆர்டராகச் செய்வதா?

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு எளிய பதில் உண்டு. 1973-ல் தொடங்கிய சிகாகோவின் சிபோ உள்ளிட்ட ஆப்ஷன் சந்தைகளில், பல லெக் கொண்ட ஆர்டர்களுக்கென்றே தனி ஆர்டர் புக் இருக்கிறது. ‘இந்த ஸ்ப்ரெட் முழுவதற்கும் நிகரமாக 16.30 தருகிறேன்’ என்று ஒரே விலையைச் சொன்னால் போதும். முடிந்தால் இரண்டு லெக்கும் சேர்ந்தே முடியும். இல்லையென்றால் இரண்டும் முடியாது. எதிரே இருப்பவருக்கும் இது வசதி. இரண்டு லெக்குகளின் அபாயமும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால், தனித்தனியே விற்பதைவிடக் கொஞ்சம் இறங்கிவர அவருக்கு முடிகிறது.

இந்தியாவில் பலர் இதே வசதி ‘பாஸ்கெட் ஆர்டர்’ என்ற பெயரில் தங்கள் செயலியிலும் இருப்பதாக நினைக்கிறார்கள். தோற்றம் அப்படித்தான்: இரண்டு ஆப்ஷன்களைக் கூடையில் போட்டு ஒரே பொத்தானை அழுத்துகிறோம். ஆனால் வழக்கமான பாஸ்கெட்டில் சந்தைக்குப் போவது இரண்டு தனித்தனி ஆர்டர்கள். ஒன்று முடிந்து மற்றொன்று தொங்கிக்கொண்டிருப்பதை எதுவும் தடுக்காது. பாஸ்கெட் மிச்சப்படுத்துவது விரல் வேலையை மட்டும்தான். ஒரு லெக்குக்கும் அடுத்த லெக்குக்கும் இடையே உள்ள நேரம் சுருங்குகிறது. அந்த அபாயம் இல்லாமல் போவதில்லை.

எனவே இங்கே பாஸ்கெட்டில் ஸ்ப்ரெட் போடுகிற எவரும், தெரிந்தோ தெரியாமலோ, லெக் லெக்காகத்தான் நுழைகிறார். அந்த இடைநேரத்தின் விலை என்ன என்று பார்க்கலாம். நம் உதாரணத்தில் 1,400 கால் 30.10-க்குக் கிடைத்துவிட்டது. 1,440 காலை 13.20-ல் விற்றால் உடனே முடியும். ஆனால் 40 பைசா கூடுதலாக, 13.60-க்கு விற்க ஆசைப்பட்டுக் காத்திருக்கிறார். ஆசைப்பட்ட தொகை லாட்டுக்கு 200 ரூபாய். இதற்குள் பங்கு நான்கு ரூபாய் இறங்குகிறது. பங்கு ஒரு ரூபாய் நகர்ந்தால் 1,440 கால் சுமார் 30 பைசா நகரும் என்று கொண்டால், அதன் விலை 1.20 குறைந்துவிடும். இப்போது விற்றால் 12 ரூபாய்தான். உடனே விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகையில் 600 ரூபாய் போய்விட்டது. ஆயிரத்து நானூறு ரூபாய்ப் பங்கில் நான்கு ரூபாய் அசைவு என்பது சாதாரண விஷயம். காலை ஒன்பதே கால் மணிக்குச் சில நொடிகளே போதும். பங்கு ஏறியிருந்தால் லாபம் என்பதும் உண்மைதான். ஆனால் அப்போது அவர் செய்துகொண்டிருந்தது பங்கின் திசை மேல் சூதாட்டம். ஸ்ப்ரெட்டே அதைக் குறைக்கத்தானே?

எந்த லெக்கை முதலில் முடிப்பது? பழைய விதி: கிடைப்பதற்குக் கடினமானதை முதலில். ஆள் நடமாட்டம் குறைந்த ஸ்ட்ரைக்கில் லிமிட் வைத்து நிதானமாகக் காத்திருக்கலாம். அது முடிந்ததும், நெருக்கமான விலைகள் உள்ள மற்ற ஸ்ட்ரைக்கை ஒரு நொடியில் முடிக்கலாம். ஆனால் இங்கே மார்ஜின் குறுக்கே வருகிறது. விற்கும் லெக்கை முதலில் போட்டால், பாதுகாப்பில்லாத விற்பனையாகக் கருதி முழு மார்ஜின் கேட்பார்கள். ஏழு லட்ச ரூபாய் மதிப்புள்ள ஒப்பந்தத்துக்கு அது ஒரு லட்சத்துக்கும் மேல் போகலாம். பணம் இல்லையென்றால் ஆர்டர் நிராகரிக்கப்படும். அதனால் வாங்குவதே முதலில். வெளியே வரும்போது தலைகீழ்: விற்றதை முதலில் திரும்ப வாங்கி, பிறகு வாங்கியதை விற்க வேண்டும்.

தூரத்து ஸ்ட்ரைக்கை வாங்கி, அருகில் உள்ளதை விற்கிற ஸ்ப்ரெட்டுகளில் இந்த இரண்டு விதிகளும் ஒத்துப்போகும். கடினமானதும் முதலில் வாங்க வேண்டியதும் அங்கே ஒன்றேதான். நம் உதாரணத்தில் அவை மோதுகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் வாங்கும் லெக்கில் மட்டும் பேரம் பேசலாம். அது முடிந்த உடனே இரண்டாவது லெக்கைப் பிட் விலைக்கு ஐந்து பத்து பைசா கீழே லிமிட் வைத்து விற்றுவிட வேண்டும். உடனே நிறைவேறும் வாய்ப்பு மார்க்கெட் ஆர்டருக்குக் கிட்டத்தட்டச் சமம்; 2021 ஆகஸ்டில் நடந்தது போன்ற விலைக்கு மட்டும் போகாது. 30.10-க்கு வாங்கி 13.20-க்கு விற்றாலும் நிகரம் 16.90, மார்க்கெட் ஆர்டரைவிட லாட்டுக்கு 250 ரூபாய் மிச்சம்.

பங்கு ஆப்ஷன்களில் இன்னொரு எச்சரிக்கை உண்டு. 2019 அக்டோபரிலிருந்து இவை அனைத்தும் பங்காகவே கைமாறித் தீர்வாகின்றன. முடிவு நாளன்று அவசரமாக வெளியேறும்போது ஒரு லெக் மட்டும் முடிந்து மற்றது மாட்டிக்கொண்டால், ஏழு லட்ச ரூபாய்ப் பங்குகளை வாங்கவோ கொடுக்கவோ வேண்டிவரலாம். கடைசி நாளில் தூரத்து ஸ்ட்ரைக்குகளில் பிட்டே இல்லாமல் போவது சகஜம் என்பதால், இரண்டு மூன்று நாட்கள் முன்பே வெளியேறுவது நல்லது.

அடுத்த முறை ஸ்ப்ரெட் போடுகிறவர்கள் இரண்டு எண்களைக் குறித்து வையுங்கள்: ஆர்டர் போடும் நேரத்தில் இரண்டு மிட் விலைகளின் வித்தியாசம் ஒன்று, கடைசியில் கிடைத்த நிகர விலை மற்றொன்று. பத்து வியாபாரங்களுக்குப் பிறகு அந்த இடைவெளி, ஸ்ப்ரெட்டின் உச்சபட்ச லாபத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுகிறதென்றால், அந்தப் பங்கின் ஆப்ஷன்களை விட்டுவிட்டு விலைகள் நெருக்கமாக உள்ள வேறொன்றுக்கு மாறிவிடுங்கள்.