கேபிளுக்கும் ஒரு தலைமுறை உண்டு

கண்ணாடிப் பக்கம் வைத்த கேபினெட் வாங்கியவர்களுக்கு கிராபிக்ஸ் கார்டை நிமிர்த்தி வைக்க ஆசை வருவது இயல்பு. மதர்போர்டில் நேராகச் செருகினால் கார்டு படுத்த நிலையில் கிடக்கும், அதன் விசிறிகள் கீழ்நோக்கித் திரும்பியிருக்கும். நிமிர்த்தி வைத்தால் விசிறிகள் கண்ணாடி வழியே தெரியும், கனமான கார்டு தொங்கிப்போகும் கவலையும் குறையும். இதற்குத் தேவை ரைசர் கேபிள். அதன் ஒரு முனை மதர்போர்டின் ஸ்லாட்டில் செருகிக்கொள்ளும். மறுமுனையில் உள்ள ஸ்லாட்டில் கார்டு உட்காரும்.

பார்வைக்கு வெறும் நீட்டிப்பு ஒயர்தான். ஆனால் கார்டும் பிராசஸரும் பேசிக்கொள்ளும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பின் பதினாறு பாதைகளும் இந்த ஒயர் வழியாகத்தான் போய் வருகின்றன. ஒவ்வொரு பாதைக்கும் போக ஒரு ஜோடிக் கம்பி, வர ஒரு ஜோடி என மொத்தம் 64 கம்பிகள். மூன்றாம் தலைமுறை இணைப்பில் ஒரு பாதையில் நொடிக்கு 800 கோடி பிட்கள் ஓடுகின்றன. நான்காம் தலைமுறையில் அது 1,600 கோடி, ஐந்தாம் தலைமுறையில் 3,200 கோடி.

வேகம் இரட்டிப்பாகும்போது சிக்னல் கம்பியிலேயே அதிகமாகத் தேய்கிறது. பக்கத்துக் கம்பியின் சிக்னல் இதில் கலக்கிறது, நடுவே கூடுதலாகச் சேர்ந்த இணைப்பிகளில் பட்டு ஒரு பங்கு திரும்பி வருகிறது. மூன்றாம் தலைமுறைக்கான ரைசரில் இந்த இழப்புகள் தாங்கும் அளவுக்குள் இருக்கும். அதே ஒயரில் நான்காம் தலைமுறை வேகத்தை ஓட்டினால், மறுமுனையில் ஒன்று எது, பூஜ்யம் எது என்று பிரித்தறிய முடியாமல் போகலாம். அதனால்தான் வேகமான தலைமுறைக்கான ரைசர்களில் ஜோடி ஜோடியாக உலோகக் கவசம் போர்த்திய கம்பிகளைப் பயன்படுத்துகிறார்கள். விலை ஏறுவதும் அதனால்தான்.

பெரும்பாலோர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு: சாதாரண ரைசர் தன் தலைமுறை என்ன என்று யாரிடமும் சொல்வதில்லை. கணினியை ஆன் செய்ததும் மதர்போர்டும் கார்டும் மிகக் குறைந்த வேகத்தில் பேசத் தொடங்கி, இருவருக்கும் ஒத்துவரும் உச்ச வேகத்துக்கு ஏறப் பார்க்கும். நடுவில் கிடக்கும் ஒயருக்கு அந்தப் பேச்சில் இடமே கிடையாது.

பி550 மதர்போர்டு, ரைசன் 5 5600எக்ஸ் பிராசஸர், 2020-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு ஆகியவற்றை எடுத்துக்கொள்வோம். மூன்றுமே நான்காம் தலைமுறை. கேபினெட்டோடு வந்த ரைசர் மட்டும் மூன்றாம் தலைமுறை என்றால், ஆன் செய்ததும் விசிறிகள் சுற்றும், விளக்குகள் எரியும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும். பலர் கார்டு போய்விட்டது என்று முடிவுகட்டி கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது இந்த இடத்தில்தான்.

கார்டில் கோளாறு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ரைசரைக் கழற்றி, கார்டை நேராக ஸ்லாட்டில் செருகிப் பார்க்க வேண்டும். இந்த பிராசஸரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாததால், திரையைப் பார்க்க வேறு வழியும் கிடையாது. படம் வந்ததும் பயாஸுக்குள் போய், அந்த ஸ்லாட்டின் வேகத்தை `Auto`-விலிருந்து `Gen3`-க்கு மாற்றிச் சேமிக்க வேண்டும். பிறகு ரைசரை மறுபடி மாட்டினால் திரை வந்துவிட வேண்டும். அப்போதும் வராவிட்டால், ரைசரே பழுதா, சரியாக உட்காரவில்லையா என்று பார்க்கலாம்.

திரை வந்துவிட்டதாலேயே எல்லாம் சரி என்று சொல்லவும் முடியாது. பிழையோடு வந்த தகவலை இந்த இணைப்பு தானே கண்டுபிடித்து மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். பிழை கொஞ்சமாக இருந்தால் விளையாட்டில் அவ்வப்போது ஒரு தடுமாற்றம் மட்டும் தெரியும். கூடினால் நடுவிலேயே திரை அணைந்துவிடும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் `WHEA-Logger` என்ற பெயரில் 17-ஆம் எண் எச்சரிக்கைகள் குவிந்து கிடந்தால் ரைசரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதை `GPU-Z` மென்பொருளில் பார்க்கலாம். பயாஸில் மாற்றிய பின் `PCIe x16 4.0 @ x16 3.0` என்று காட்ட வேண்டும். கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த 1.1 வரை இறங்கும். அது கோளாறு அல்ல. பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி கார்டுக்கு வேலை கொடுத்தால் உண்மையான எண் தெரியும்.

ஆர்டிஎக்ஸ் 3080 போல பதினாறு பாதைகளையும் பயன்படுத்தும் கார்டுக்கு ஒரு தலைமுறை இறங்குவதால் விளையாட்டுகளில் பெரிய இழப்பு இல்லை. நான்கே பாதைகள் கொண்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்டுக்கு இதே மாற்றம் பலமாக அடிக்கும். அதன் நினைவகம் 4 ஜிபிதான். அது நிரம்பியதும், ஏற்கெனவே குறுகிய அந்த இணைப்பு வழியாகத்தான் கணினியின் பொது நினைவகத்தை எட்ட வேண்டும்.

2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசை ஐந்தாம் தலைமுறை இணைப்புக்கானது. கையில் இருப்பது நான்காம் தலைமுறை ரைசர் என்றால், கார்டை மாட்டுவதற்கு முன்பே பயாஸில் `Gen4` என்று வைத்துவிடுங்கள். புதிதாக வாங்குபவர்கள், ரைசரின் தலைமுறை எண் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்; எண்ணே போடாத ரைசரை வாங்க வேண்டாம்.